கேள்விக்குள்ளேயே பிழை இருந்தால்

ராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில், பள்ளி ஆண்டுவிழாவிலோ நூலக வாசகர் வட்டத்திலோ வட்டார வரலாறு பற்றி நீங்கள் பேசுவதாக வைத்துக்கொள்வோம். பேச்சு முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்கிறார்: “தமிழ்நாடு அரசு முத்திரையில நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் போட்டதுக்குக் காரணம், அன்னைக்கு முதலமைச்சரா இருந்த குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர்ங்கறதுதானே?” கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். ‘ஆமாம்’ என்றால் கைதட்டல் கிடைக்கும். ‘இல்லை’ என்றால் முகங்கள் சுருங்கும். இரண்டுமே சரியான பதில் இல்லை, ஏனென்றால் கேள்வி ஒரே மூச்சில் நான்கைந்து சங்கதிகளை முடிந்துபோனவையாக எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் நின்றுகொண்டு காரணத்தை மட்டும் கேட்கிறது. இப்படிப்பட்ட கேள்விக்குப் பலர் முன்னிலையில் எப்படிப் பதில் சொல்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இந்த ஒரு கேள்வியையே கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு போவோம்.

முதலில் கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரியவர் சொல்லாமல் சொல்பவை இவை: முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம். முத்திரை உருவானபோது பூ. ச. குமாரசாமி ராஜா ஆட்சியில் இருந்தார். அவர் ராஜபாளையத்துக்காரர். அவருடைய பதவிக்குப் பெயர் முதலமைச்சர். அந்த அரசுக்குப் பெயர் தமிழ்நாடு அரசு. இவற்றில் அவர் ராஜபாளையத்துக்காரர் என்பது முழு உண்மை. ஆட்சியில் இருந்தார் என்பது பெரும்பாலும் சரி. முத்திரை வடிவமைக்கப்பட்டது 1949இல். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஆக, 1949 என்ற ஆண்டைச் சொன்ன மாத்திரத்தில் முடிவு இவருடையது என்று ஆகிவிடாது. முதல் மூன்று மாதங்கள் ஓமந்தூராருடையவை. பதவியின் பெயர் பிழை: 1950 ஜனவரியில் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை மாகாணத்தின் தலைமை அமைச்சரைப் ‘பிரதமர்’ என்றே சொன்னார்கள். அரசின் பெயரும் பிழை: அன்று அது சென்னை மாகாணம், ‘தமிழ்நாடு’ என்ற பெயர் மாற்றம் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. கடைசியாகக் கோபுரம். முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். தாம் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தான் என்ற கருத்து சுற்றுலாக் குறிப்புகளிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இத்தனை பிழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்த ஆரம்பித்தால் அது பதிலாக இருக்காது, விடைத்தாள் திருத்துவதாக இருக்கும். எதைத் தொடுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஓர் எளிய சோதனை போதும். பிழையான அந்த ஊகத்தைச் சரியானதாக மாற்றி வைத்துப் பாருங்கள், பதில் மாறுகிறதா? ‘முதலமைச்சர்’ என்பதை ‘பிரதமர்’ என்று மாற்றினால் பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. ‘தமிழ்நாடு அரசு’ என்பதை ‘சென்னை மாகாண அரசு’ என்று மாற்றினாலும் அப்படியே. கோபுரத்தை மாற்றினால் கேள்வியே விழுந்துவிடுகிறது: மதுரைக் கோபுரத்தை வைப்பதற்கு ராஜபாளையத்து ஊர்ப்பற்றைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆகவே வாய்விட்டுச் சொல்லித் திருத்த வேண்டியது கோபுரம் ஒன்றுதான். மற்றவற்றை உங்கள் பதிலுக்குள் சரியான பெயரால் சொல்லிவிட்டுப் போகலாம். ‘அன்றைய சென்னை மாகாணத்துக்கு’ என்று நீங்கள் சொல்லும்போதே, காது கொடுத்துக் கேட்பவருக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். யாரும் குட்டு வாங்கியதாக நினைக்கவும் மாட்டார்.

சின்னப் பிழை, பெரிய பிழை என்ற கணக்கு இங்கே உதவாது. பார்க்க வேண்டியது பதில் அதன்மேல் நிற்கிறதா என்பதைத்தான். இதே ஊரில் நிகழக்கூடிய இன்னொரு கேள்வி: “ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகணும், திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரோட்டுல எந்த இடத்துல இறங்கணும்?” கேட்பவர் இரண்டு ஆலங்குளங்களை ஒன்றாக்கிவிட்டார். திருநெல்வேலி–தென்காசி சாலையில் இருப்பது தென்காசி மாவட்டத்து ஆலங்குளம். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை இருப்பது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில். ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம், யாருடைய மானமும் இதில் இல்லை. ஆனாலும் திருத்தாமல் பதில் சொன்னால் மனிதர் தவறான ஊரில் போய் இறங்குவார். “ஆலை விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் இருக்கிறது, ராஜபாளையம் வந்து பஸ் மாறுங்கள்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். இத்தகைய கேள்விக்கு விளக்கவுரை ஆற்றுபவர் கூட்டத்தின் பொறுமையைத்தான் சோதிக்கிறார்.

இனி, கோபுரத்தைத் திருத்தத்தான் வேண்டுமா என்ற ஆட்சேபம். கேட்டவர் காரணத்தைத்தான் கேட்டார், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவதுதானே மரியாதை? “குமாரசாமி ராஜாவுக்கு ஊர்ப்பற்று இருந்தது உண்மைதான்” என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டால் என்ன கெட்டுப்போகும்? கெட்டுப்போவது கேட்டவரிடத்தில் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களிடத்தில். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1975இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று இதை நேராகவே காட்டுகிறது. கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக்காட்டிவிட்டு, ஒரு பகுதியினரிடம், அந்தக் கார் கிராமத்துச் சாலையில் தானியக் கொட்டகையைத் தாண்டிப் போனபோது என்ன வேகத்தில் போனது என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் கொட்டகையைப் பற்றிப் பேசாமல் வேகத்தை மட்டும் கேட்டார்கள். படத்தில் கொட்டகையே கிடையாது. ஒரு வாரம் கழித்து, கொட்டகையைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பகுதியினரில் 17 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. கொட்டகை இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் அடித்துச் சொல்லவில்லை. வேகத்தைக் கேட்கும் சாக்கில் அது உள்ளே நுழைந்துவிட்டது. நேராகச் சொல்லப்படும் செய்தியை மனம் கொஞ்சமாவது எடைபோடும்; கேள்வியின் இடுக்கில் ஒளிந்து வருவதை எடைபோடுவதில்லை. மேடையில் இருப்பவர் அந்தக் கேள்வியை வழிமொழிந்து பதிலும் சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பது சந்தேகத்துக்கே இடமில்லாத விஷயமாகிவிடும்.

‘அப்படியே வைத்துக்கொண்டாலும்’ என்று ஆரம்பிக்கும் பதிலும் இதே தவறைச் செய்கிறது. பேசுபவருக்கு அது ஒரு நிபந்தனை. ஆனால் வீட்டுக்குப் போகிறவர் நிபந்தனையை மறந்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துப் போவார்.

இரண்டாவது ஆட்சேபம் இதற்கு நேர் எதிரானது. தவறான நம்பிக்கையைத் திருத்தப் போனால் ஜனங்கள் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே வாயைத் திறக்காமல் இருப்பதே மேல் என்பார்கள். இதற்கும் ஆராய்ச்சி ஆதரவு இருப்பதாகப் பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2010இல் நைஹன், ரைஃப்ளர் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையில், அரசியல் சார்ந்த சில விஷயங்களில் திருத்தம் எதிர்விளைவை உண்டாக்கியதைக் காட்டியிருந்தார்கள். அது பெரிய செய்தியாகப் பரவியது. பின்னால் வுட், போர்ட்டர் என்ற இருவர் 52 விஷயங்களை எடுத்து, 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படவே இல்லை. திருத்தத்தைக் கேட்டவர்கள் பெரும்பாலும் உண்மையின் பக்கம் கொஞ்சமாவது நகரவே செய்தார்கள். ஆக, ‘திருத்தினால் மோசமாகும்’ என்ற பயம், சும்மா இருப்பதற்குப் போதிய காரணமாகாது. (பயந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது, சும்மா இருப்பதற்கு ஆராய்ச்சியே சாக்குத் தரும்போது யார்தான் விடுவார்?)

திருத்தம் பலிக்காமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு, அதுதான் பதிலின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஜான்சன், சைஃபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் செய்த சோதனையில், ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையை மக்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அங்கே ஒரு சிற்றறையில் பெயிண்டும் கேஸ் சிலிண்டரும் அஜாக்கிரதையாக வைக்கப்பட்டிருந்ததாக முதலில் செய்தி. பிறகு, இல்லை, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று மறுப்பு. மறுப்பைப் படித்ததாக ஒப்புக்கொண்டவர்களே, தீ ஏன் அப்படிக் கொழுந்துவிட்டது என்று கேட்டபோது, பெயிண்டையும் சிலிண்டரையுமே காரணமாகச் சொன்னார்கள். மறுப்போடு சேர்த்து, யாரோ தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணத்தையும் கொடுத்தபோதுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. வெறும் ‘இல்லை’ மனத்தில் ஒரு காலியிடத்தை உண்டாக்குகிறது. அதை நிரப்ப வேறொன்று கையில் இல்லையென்றால் பழையதே திரும்ப வந்து குடியேறிவிடும்.

அதனால் “அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இல்லை” என்பதோடு நிறுத்துவது பாதி வேலைதான். எந்தக் கோபுரம், அதைச் சொன்னவர் யார், பின்னே இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்ற மூன்றையும் கொடுத்தாக வேண்டும். மூன்றாவதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேட்டவரின் கௌரவத்தைக் காப்பாற்றுவது அதுதான். இந்த நம்பிக்கை அறியாமையில் பிறந்ததில்லை. 1949 என்ற ஆண்டு உண்மை, குமாரசாமி ராஜா அதே ஆண்டு பதவிக்கு வந்தது உண்மை, அவர் பக்கத்து ஊர்க்காரர் என்பது உண்மை, 11 நிலையும் ஏறக்குறைய 192 அடி உயரமும் கொண்ட ஒரு கோபுரம் கண்ணெதிரே நிற்பதும் உண்மை. இத்தனை உண்மைகளை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தவரை யாரும் முட்டாள் என்று சொல்ல முடியாது.

இனி பதிலைச் சொல்லிப் பார்ப்போம். “நல்ல கேள்வி அண்ணாச்சி. முத்திரையில இருக்கிறது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம்னு அதை வரைஞ்ச ஓவியர் கிருஷ்ணா ராவே சொன்னதாப் பதிவு இருக்கு. 1949ல சென்னை மாகாணத்துக்காக வரைஞ்சது அது. அதே வருஷம் ஏப்ரல்ல நம்ம குமாரசாமி ராஜா பொறுப்புக்கு வந்தாரு, அதனால நம்ம கோபுரத்தைத்தான் வச்சாங்கன்னு பேச்சு வந்துடுச்சு. சில புஸ்தகத்திலயும் அப்படித்தான் போட்டிருக்கு. வரைஞ்சவர் சொன்னதுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.” இதைப் பேச அரை நிமிஷம் கூட ஆகாது. உண்மை முதலில் வந்துவிட்டது. நம்பிக்கையின் பேர் ஒரே முறைதான் வந்தது, அதுவும் அது எங்கிருந்து கிளம்பியது என்ற விளக்கத்தோடு. ‘உங்களுக்குத் தெரியாதா’, ‘எல்லாரும் செய்யும் தப்பு’ போன்ற சொற்கள் எங்கும் இல்லை. கேட்டவர் கேட்ட ‘ஏன்’ என்பதற்கும், அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லாவிட்டாலும், ஒரு பதில் கிடைத்துவிட்டது.

இதில் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். “இதுதான் முடிந்த முடிவு” என்று அது சொல்லவில்லை. ஊகம் பிழையா, சர்ச்சையா என்று பார்ப்பது பதில் சொல்பவரின் கடமை. சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் எப்போது வந்தது என்பது சர்ச்சையில்லாதது. அதை ஒரே வார்த்தையில் சொல்லலாம். கோபுர விஷயத்தில் வரைந்தவரின் சொல் என்று ஒரு பதிவு ஒரு பக்கம், பல காலமாக அச்சில் வந்துகொண்டிருக்கும் ஊர்க்கதை மறுபக்கம். முன்னது கனமானது. ஆனாலும் ‘நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்று மேடையில் முழங்கினால், சுற்றுலாக் குறிப்பு ஒன்றை மறுநாள் ஒருவர் கொண்டுவந்து நீட்டும்போது, கோபுரத்தோடு சேர்ந்து நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். முத்திரையை உற்றுப் பார்த்து நிலைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்ல முயல்பவர்களும் உண்டு. மதுரை மேற்குக் கோபுரம் 9 நிலை, ஸ்ரீவில்லிபுத்தூர் 11 நிலை என்பதால் அது சுலபம் போலத் தோன்றும். வட்டத்துக்குள் அடங்குவதற்காகச் சுருக்கி வரைந்த படத்தை அளவெடுத்து எந்த வழக்கையும் தீர்க்க முடியாது என்பதால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது ஆட்சேபம் பழமையானது, மதிப்புக்குரியதும்கூட. சில கேள்விகளுக்கு மௌனம்தானே சரியான பதில்? மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் வினாவுக்கு விடை சொல்லும் முறைகள் நான்கு என்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. கடைசி முறைக்கு அவர் தரும் உதாரணம் நம் விஷயத்துக்கு வெகு நெருக்கம்: ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்று கேட்டால் வாய் திறக்கக் கூடாது. பூவே இல்லை, அதன் வயதைச் சொன்னால் பூ இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். காரணம் சரியானதே. ஆனால் அந்த உதாரணத்தில் கேட்பவர், சொல்பவர் இருவருக்குமே ஆகாயத்தில் பூ பூக்காது என்பது தெரியும். அதனால் மௌனத்தின் பொருள் விளங்கிவிடுகிறது. கோபுரக் கேள்வியில் மண்டபமே பூவை நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே மௌனம் ‘ஆமாம்’ என்றுதான் கேட்கும், இல்லாவிட்டால் ‘இவருக்குத் தெரியவில்லை’ என்று. இதற்குப் பொருந்துவது கூறிட்டு மொழிதல்: கேள்வியைப் பிரித்து, எது உண்மை, எது இல்லை என்று வேறுவேறாகச் சொல்வது. கேட்பவர் எதை மனத்தில் வைத்துக் கேட்கிறார் என்பதே தெளிவில்லாதபோது வினாவின் விடுத்தல் கைகொடுக்கும். “எந்த ஆலங்குளத்தைச் சொல்றீங்க?” என்று திருப்பிக் கேட்பது அதுதான். வாய்வாளாமையை இரண்டு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: பதிலை ஏற்கெனவே கேட்டுவிட்டு, சண்டைக்காகவே அதே கேள்வியைத் திரும்பக் கேட்பவருக்கு, இட்டுக்கட்டிய செய்தி ஒன்றைக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் ஒருவரைத் தவிர யாரும் கேள்விப்பட்டிராதபோது. இரண்டாவது இடத்தில் நீங்கள் மறுத்தால் ஐம்பது பேருக்கு அந்த வதந்தியை நீங்களே அறிமுகப்படுத்தியதாக ஆகும். அவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிடலாம்.

வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தால் கணக்கு அடியோடு மாறுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் ஓடிய பயமுறுத்தல்களால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள். முகாமின் கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “புதுசாக் கண்டுபிடிச்ச ஊசியை எதுக்கு நம்ம புள்ளைங்க மேல சோதிச்சுப் பார்க்கறீங்க?” என்று கேட்டால், கோபுரக் கேள்விக்குச் சொன்னது போல ‘இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்’ என்ற தொனி அங்கே ஆபத்து. ஊசி புதிது என்ற ஊகம் சர்ச்சையே இல்லாத பிழை. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசிகள் 1960களிலிருந்தே உலகில் பயன்பாட்டில் இருப்பவை. துணிந்து சொல்ல வேண்டிய இடம் அது. முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அந்தத் தாய் உண்மையில் கேட்க வந்ததற்குப் போக வேண்டும்: ஊசி போட்டபின் காய்ச்சல் வரலாமா, வந்தால் யாரிடம் போவது. ஊகத்தைத் திருத்தியதோடு உட்கார்ந்துவிட்டால், வாதத்தில் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள், அவர் பயம் அப்படியே இருக்கும்.

எழுத்தில் பதில் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். பத்திரிகையின் கேள்வி–பதில் பகுதியிலோ விழா மலரிலோ வரும் பதிலைப் பின்னால் யாராவது கேள்வி இல்லாமல் தனியே வெட்டி எடுத்துப் போடுவார்கள். ‘ஆமாம், நீங்கள் சொல்வதில் பாதி சரி’ என்று ஆரம்பித்தால் வெட்டிய துண்டில் ‘ஆமாம்’ மட்டும் மிஞ்சும். ஆகவே பதிலின் முதல் வாக்கியம் கேள்வியின் துணையில்லாமலே முழுப் பொருள் தர வேண்டும். அந்த வாக்கியத்திலேயே சொன்னவர் பெயரும் ஆண்டும் இருப்பது நல்லது. கேட்டவரின் வாசகத்தை அச்சிடும்போது ‘முதலமைச்சர்’ என்பதை நீங்களாகத் திருத்திப் போட வேண்டாம். அது அவருடைய கேள்வி, திருத்த வேண்டியது உங்கள் பதிலில்.

உங்கள் பதிலுக்குப் பிறகு யாராவது மறுசான்று கொண்டுவந்தால், தனியே நன்றி சொல்லி அனுப்பிவிடாமல், பதில் சொன்ன அதே மேடையிலோ அதே பக்கத்திலோ அதையும் சொல்லுங்கள். முத்திரையின் விஷயத்தில் அப்படி ஒரு சான்றைத் தேட விரும்புகிறவர் போக வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பார்க்க வேண்டியவை 1949ஆம் ஆண்டின் அரசாணைகள். அப்படிப்பட்ட தாள் ஒன்று கையில் வரும்வரை, ஓவியர் சொன்னதாக உள்ள பதிவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதீர்கள்.